கூட்டத்தில் வாய் திறக்காதவர்களிடம் கருத்து வாங்கியிருக்கிறீர்களா? நடந்ததைச் சொல்லுங்கள்

திருப்பாலை முல்லை

எங்கள் அடுக்ககச் சங்கத்தில் நான்தான் செயலாளர். முப்பது வீடு. மாதக் கூட்டத்துக்குப் பாதிப் பேராவது வந்துவிடுகிறார்கள், ஆனால் பேசுவது எப்போதும் அதே நாலு பேர்தான். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய், லிஃப்டில் என்னைப் பிடித்து, "அப்படிச் செய்திருக்கலாமே" என்று நல்ல நல்ல யோசனையாகச் சொல்கிறார்கள். அதைக் கூட்டத்தில் சொல்லுங்கள் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பேச்சைத் தொடங்குமுன் எல்லோரையும் சற்று நேரம் சும்மா உட்கார்ந்து எழுதச் சொல்லும் முறை ஒன்று உண்டு என்று என் தங்கை சொன்னாள். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

மேலூர் டீச்சர்

செய்கிறோம். மேலூர் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளி, அதன் பள்ளி மேலாண்மைக் குழுவில். ஒரு கூட்டத்தை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

பெண் பிள்ளைகள் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் கொண்டுவந்த பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பிப் போகிறது. கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல்தான் குடிக்காமல் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். முந்தைய கூட்டங்களில் இந்தப் பேச்சு வந்தால் ஆண்கள் இரண்டு பேர் பேசுவார்கள். "புதுக் கட்டிடம் வேண்டும், மனு எழுதுவோம்" என்பதோடு முடிந்துவிடும். குழுவில் பாதிக்கு மேல் அம்மாக்கள். ஒருவரும் வாய் திறந்ததில்லை. ஆண்கள் நடுவில் உட்கார்ந்து கழிப்பறையைப் பற்றி எந்த அம்மா பேசுவார்?

அன்று 14 பேர் வந்திருந்தார்கள். கேள்வியைக் கரும்பலகையில் எழுதி வைத்தோம். "கழிப்பறைக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தால் மறுபடியும் கட்டிடம்தான் வந்திருக்கும். அதனால் இப்படி எழுதினோம்: "உங்கள் பிள்ளை பள்ளிக் கழிப்பறைக்குப் போகாமல் வீடு வந்தால், வீட்டில் என்ன காரணம் சொல்கிறாள்?" இதற்குப் பதில் தெரியாத அம்மாவே கிடையாது.

ஆளுக்கு மூன்று துண்டுச் சீட்டு, எல்லோருக்கும் ஒரே நீலப் பேனா. ஒரு சீட்டில் ஒரு விஷயம்தான், பெயர் போடக் கூடாது. தலைமை ஆசிரியரும் வார்டு உறுப்பினரும்கூட உட்கார்ந்து எழுத வேண்டும். அவர்கள் நின்று மேற்பார்வை பார்த்தால் மற்றவர்களுக்கு அது பரீட்சை ஆகிவிடும். எட்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது. மூன்றாவது நிமிடத்திலேயே பேனாக்கள் நின்றுவிடும். அப்போது "முடிந்ததா?" என்று கேட்டுவிடக் கூடாது. முதலில் எழுதுவது வழக்கமாகச் சொல்வதுதான். கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு மறுபடி பேனாவை எடுப்பார்கள் பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கும்.

சீட்டுகளைக் கலைத்து இரண்டு ஆசிரியைகள் வாசிக்க, எழுதியிருந்த வார்த்தையிலேயே பலகையில் ஏற்றினோம். "தாப்பா இல்ல, ஒருத்தி வெளிய நின்னு கதவப் பிடிக்கணும்." "மத்தியானத்துக்கு மேல தொட்டில தண்ணி இல்ல." "பயலுக பந்து வெளையாடுற பக்கம் வாசல் இருக்கு." வாசிக்கும்போது யாரும் கருத்துச் சொல்லக் கூடாது. எல்லாம் ஏறிய பிறகு, புரியாததற்கு மட்டும் விளக்கம் கேட்கலாம், யார் எழுதியது என்று கேட்கக் கூடாது.

அப்புறம் ஒவ்வொருவரும் முதலில் செய்ய வேண்டிய மூன்றை இன்னொரு சீட்டில் எழுதினார்கள். முதலாவதற்கு 3, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1. மொத்தம் 84 மதிப்பெண். தாழ்ப்பாளுக்கு 31, தண்ணீருக்கு 22, வாசலுக்கு மறைப்புச் சுவர் 14, புதுக் கட்டிடத்துக்கு 9, மீதி 8 சில்லறைக் காரணங்களுக்கு. கை தூக்கச் சொல்லியிருந்தால் வார்டு உறுப்பினர் எதற்குத் தூக்குகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற கைகள் மேலே போயிருக்கும். தாழ்ப்பாள் ஒன்று நூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. அந்த வாரமே எல்லாக் கதவுக்கும் போட்டோம். மறைப்புச் சுவர் இன்னும் வரவில்லை.

கே.கே. நகர் ஓய்வு

வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டீச்சர் செய்தது நல்ல காரியம். ஆனால் அதைக் கூச்சப்படுகிறவர்களுக்கான மருந்து என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் சேர்ந்து மனதில் பட்டதைப் போட்டுப் பேசினால்தான் ஒருவர் யோசனையிலிருந்து இன்னொருவருக்கு யோசனை பிறக்கும். எங்கள் காலத்துப் பயிற்சி வகுப்புகளில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கூச்சத்தைப் போக்கிவிட்டால் சீட்டே தேவைப்படாது.

வடபழஞ்சி டீம் லீட்

ஐயா, ஒருவர் யோசனையிலிருந்து இன்னொன்று பிறக்கும் என்பது சரிதான். ஆனால் பேசினால்தான் பிறக்கும் என்பது சோதனைகளில் நிற்கவில்லை. 1958-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், நாலு பேர் சேர்ந்து பேசிய குழுவையும், தனித்தனியாக யோசித்த நாலு பேரின் பட்டியலைச் சேர்த்ததையும் ஒப்பிட்டார்கள். தனியாக யோசித்தவர்களின் பட்டியலே நீளமாக இருந்தது. 1987-இல் டீல், ஸ்ட்ரோப என்ற இருவர் காரணத்தைத் தோண்டிப் பார்த்தபோது, கூச்சத்தைவிடப் பெரிய காரணமாக வந்தது காத்திருப்புதான். ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். தன் முறை வரும்வரை சொல்ல வந்ததை மனதில் பிடித்து வைத்திருப்பதிலேயே புதிதாக யோசிப்பது நின்றுபோகிறது. ஆகவே கூச்சமே இல்லாதவருக்கும் எழுதுவது பயன்படும்.

டீச்சர் சொன்ன வரிசை, அதாவது முதலில் எழுதி, அடுத்து பட்டியல் போட்டு, விளக்கம் கேட்டு, கடைசியில் மதிப்பெண் போடுவது, டெல்பெக், வான் டி வென் என்ற இருவர் 1970-களின் தொடக்கத்தில் எழுதி வைத்த முறையை ஒட்டியது. அதில் ஒவ்வொருவரும் தன் பட்டியலிலிருந்து சுற்றுக்கு ஒன்றாகத் தானே வாசிப்பார். டீச்சர் கலைத்து வாசித்தது அந்த இடத்துக்குப் பொருத்தமான மாற்றம்.

எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். ஒரே ஆவணத்தை எல்லோரும் திறந்து எழுதினோம். அது எழுதுவது போலத்தான் தெரியும், உண்மையில் பேச்சுக்கூட்டம்தான். மேனேஜர் தட்டச்சு செய்வது எல்லோர் கண்ணிலும் படுகிறது, மற்றவர்கள் அதை ஒட்டியே எழுதுகிறார்கள். இப்போது ஆளுக்கொரு தனித் தாளில் எழுதி, நேரம் முடிந்ததும் ஒரே சமயத்தில் ஒட்டுகிறோம். முறை கெட்டுப்போகிறதா என்று பார்க்க நான் ஒன்றைக் கவனிப்பேன்: மேனேஜர் கூட்டத்தைத் தொடங்கும்போது சொன்ன வார்த்தையே பாதிச் சீட்டுகளில் திரும்பி வந்தால், அவர் தொடக்கத்தில் அதிகம் பேசிவிட்டார் என்று அர்த்தம்.

அவனியாபுரம் அம்மா

என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று மிஸ் சொல்கிறார். வீட்டில் நன்றாகப் பேசுவான். அவனையும் எழுதச் சொன்னால் கூச்சம் போய்விடுமா?

மேலூர் டீச்சர்

கூச்சம் போகுமா என்று என்னால் சொல்ல முடியாதும்மா, நாங்கள் பேசுவது பெரியவர்கள் கூட்டத்தைப் பற்றி. ஆனால் வகுப்பிலும் இதன் சின்ன வடிவம் உண்டு. கேள்வி கேட்டதும் கை தூக்கச் சொல்லாமல் ஒரு நிமிடம் நோட்டில் எழுதச் சொல்வோம், பிறகு பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லச் சொல்வோம், அதற்கப்புறம்தான் வகுப்புக்கு. ஒருவரிடம் சொல்லிப் பார்த்ததைத் திரும்பச் சொல்வது பிள்ளைகளுக்கு எளிது. அவன் மிஸ்ஸிடம் கேட்டுப் பாருங்கள்.

உசிலம்பட்டி குழுக்காரி

டீச்சருக்கு ஒரு கேள்வி. எங்கள் மகளிர் குழுவில் சில அக்காமார்களுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அங்கே என்ன செய்தீர்கள்?

இன்னொன்று. பெயர் போடவில்லை என்றாலும் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். பதினைந்து வருடமாக ஒருவர் எழுத்தை ஒருவர் நோட்டில் பார்க்கிறோம். கடன் கொடுக்கும் வரிசையைப் பற்றிச் சீட்டு எழுதினோம். ஒரு சீட்டில், தலைவி வீட்டாளுக்கே முதலில் போகிறது என்று இருந்தது. வாசித்த உடனே யார் எழுதியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எழுதியவர் அடுத்த வாரக் கூட்டத்துக்கு வரவில்லை.

மேலூர் டீச்சர்

எங்களிடமும் எழுதத் தெரியாத மூன்று அம்மாக்கள் இருந்தார்கள். கல்லூரியில் படிக்கும் ஊர்ப் பிள்ளைகள் இருவரை வராந்தாவில் உட்காரவைத்தோம், காதில் சொல்லச் சொல்ல எழுதினார்கள். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: சொன்ன வார்த்தையையே எழுத வேண்டும். ஒரு பிள்ளை முதலில் "பாதுகாப்பு வசதிக் குறைபாடு" என்று எழுதியிருந்தாள். அந்த அம்மாவிடம் திரும்பக் கேட்டபோது அவர் சொன்னது, கதவின் கீழ்ப்பலகை செல்லரித்துக் கால் தெரிகிறது என்பது. முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்த ஆசாரியை எங்கே அனுப்புவது?

எழுத்து தெரிந்துவிடும் என்பது உண்மைதான். அப்படிப்பட்ட இடத்தில் எல்லாச் சீட்டையும் சொல்லி எழுதவைப்பது ஒரு வழி, எழுதத் தெரிந்தவரும் சேர்த்துத்தான். ஆனால் ஒரு ஆளைப் பற்றிய குறையைச் சீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது என்பது என் எண்ணம். கேள்வியைப் பொருளைப் பற்றியதாக வைக்க வேண்டும்.

உசிலம்பட்டி குழுக்காரி

அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை டீச்சர். எங்கள் குழுவில் நிஜப் பிரச்சினையே அதுதான். அதைச் சீட்டிலும் எழுதக் கூடாது, வாயாலும் சொல்ல முடியாது என்றால் அது எங்கேதான் வெளியே வரும்?

மேலூர் டீச்சர்

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. குழுவுக்கு வெளியே இருக்கும் ஒருவர் தனித்தனியாகக் கேட்டு எழுதினால் கொஞ்சம் சரியாகலாம். ஊருக்குள் அதுவும் தெரிந்துவிடும் என்பீர்கள்.

திருப்பாலை முல்லை

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வரும் கூட்டத்தில் தண்ணீர் லாரிச் செலவைப் பேச வேண்டும். தலைவர் ஒத்துக்கொண்டார், ஆனால் சீட்டுகளைத் தானே வாசிப்பாராம். இருபது பேர் வருவார்கள், இத்தனை பேருக்கு இது ஓடுமா?

வடபழஞ்சி டீம் லீட்

இருபதை ஒரே வட்டமாக வைக்காதீர்கள் அக்கா. ஐந்திலிருந்து ஒன்பது பேர் வரை உள்ள குழுவுக்குத்தான் இது நன்றாக ஓடும். மூன்று மேசையாகப் பிரித்து, மேசைக்கு முதல் ஐந்து யோசனையை மட்டும் பொதுப் பலகைக்கு அனுப்புங்கள், கடைசி மதிப்பெண்ணை எல்லோரும் சேர்ந்து போடலாம். கணவன் மனைவியை ஒரே மேசையில் போட வேண்டாம். இன்றைக்கே லாரி வரவழைப்பதா வேண்டாமா என்பது போன்ற அவசரத்துக்கு இந்த முறை தேவையில்லை, அதைப் பேசியே முடித்துவிடுங்கள்.

கே.கே. நகர் ஓய்வு

தலைவர் வாசிக்க வேண்டாம். இதில் டீச்சர் பக்கம்தான் நான். கிளையில் ஊழியர்களின் யோசனைகளை நானே வாசித்தபோது, பிடிக்காததை வேகமாகத் தாண்டுவது என் குரலிலேயே தெரியும் என்று என் கீழ் வேலை பார்த்தவர்கள் பின்னால் சொன்னார்கள். வீட்டில் ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை யாராவது இருந்தால் வாசிக்கச் சொல்லுங்கள்.

திருப்பாலை முல்லை

மூன்றாம் மாடிப் பெண் வாசிக்கச் சம்மதித்துவிட்டாள். தலைவர் கடைசி மேசையில் உட்கார்ந்து எழுதுவார். பலகைக்கு இப்படி ஒரு கேள்வி யோசித்திருக்கிறேன்: "உங்கள் வீட்டில் தண்ணீர் எந்த நேரத்தில், எதற்கு அதிகம் போகிறது?" "செலவை எப்படிக் குறைக்கலாம்" என்று கேட்டால் வாடகைக்கு இருப்பவர்களைக் குறை சொல்வதில் போய் நிற்கும் என்று பயமாக இருக்கிறது. கேள்வியில் ஏதாவது இடறுகிறதா, சொல்லுங்கள்.