கலைச்சொல்: இருபது ஓட்டி நான்கை மட்டும் காட்டுவதற்கு என்ன பெயர்?

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். புள்ளியியல் பாடம் ஒன்றைத் தமிழாக்கும்போது ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டேன். ஒரே தரவில் இருபது தொடர்புப் போக்குகளை ஓட்டிப் பார்க்கிறார்கள், பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தவற்றை மட்டும் அட்டவணையில் போடுகிறார்கள், மற்றவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்தச் செயலுக்கு "பொறுக்கிக் காட்டல்" என்று எழுதி வைத்திருக்கிறேன். பொறுக்கி என்பது வசவாகவும் இருப்பதால் தயக்கம். வேறு சொல் உண்டா?

செந்தூல் ஆசிரியை:
தம்பி, "பன்மாறித் தொடர்புப் போக்கு" என்று ஏற்கெனவே சொல் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர்:
டீச்சர், அது ஒரே சமன்பாட்டில் பல மாறிகளை வைப்பது. நான் கேட்பது தனித்தனியாகப் பலவற்றை ஓட்டிவிட்டுத் தேறியதை மட்டும் சொல்வதை.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
இது எனக்கே நடந்தது. முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையில் சிப் கழிவு ஏன் கூடுகிறது என்று தேடினோம். சூளை வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் என்று இருபது அளவுகள், ஒவ்வொன்றுக்கும் கழிவு விகிதத்தோடு ஒரு போக்கு. நான்கு தேறின: 0.001, 0.004, 0.03, 0.04. மற்ற பதினாறும் 0.2-க்கு மேல். அந்த நான்கை மட்டும் ஸ்லைடில் போட்டேன், நான்கையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். அடுத்த இரண்டு மாதத்துத் தரவில் கடைசி இரண்டுக்கும் சுவடே இல்லை, முதல் இரண்டின் விளைவும் நான் சொன்னதில் பாதிதான் இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் மூன்று வாரம் லைன் வீணாகப் போனது.

ஷா ஆலாம் மாணவர்:
அண்ணா, இதற்கு பொன்ஃபெரோனி திருத்தம் போதுமே. நான்கு முடிவு என்றால் 0.05-ஐ நான்கால் வகுத்தால் 0.0125, இரண்டு தேறும், முடிந்தது.

பட்டர்வொர்த், ஓய்வு பெற்ற விரிவுரையாளர்:
தம்பி, வகுக்க வேண்டும் என்பது சரி, ஆனால் எதனால் வகுப்பது என்பதில்தான் தவறு. இருபது நம்பர் எழுதிவிட்டு அடித்த சீட்டை மட்டும் காட்டுபவரிடம், கையில் இருக்கும் சீட்டை எண்ணிப் பயனில்லை, எத்தனை எழுதினார் என்று கேட்க வேண்டும். இருபது அளவுகளுமே கழிவோடு தொடர்பில்லாதவை, ஒன்றுக்கொன்றும் தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒன்றாவது 0.05-க்குக் கீழே வர 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆகவே வகுப்பது இருபதால், வரம்பு 0.0025, தேறுவது ஒன்றே ஒன்று.

பொன்ஃபெரோனி ஒரு பொய்கூட நுழையக்கூடாது என்று காவல் நிற்பது. தொழிற்சாலையில் அவ்வளவு கறார் வேண்டாம் என்றால் பென்ஜமினியும் ஹோக்பெர்க்கும் 1995-இல் தந்த முறை இருக்கிறது. அது தேறியவற்றுள் பொய்யின் பங்கைச் சராசரியாக 5 விழுக்காட்டுக்குள் வைக்கப் பார்க்கும். ஆர் மொழியில்:

```
p <- c(0.001, 0.004, 0.03, 0.04)
p.adjust(p, method="BH")
# 0.004 0.008 0.040 0.040
p.adjust(p, method="BH", n=20)
# 0.02 0.04 0.20 0.20
```

மேல் வரியைப் பாருங்கள். நான்கை மட்டும் கொடுத்தால் திருத்திய பிறகும் நான்கும் தேறுகின்றன! இருபது என்று சொன்ன பிறகுதான் கடைசி இரண்டும் விழுகின்றன. விளைவு பாதியானதற்கும் இதே காரணம்தான். வரம்பைத் தாண்டியதை மட்டும் எடுத்தால் தற்செயலாக மேலே தள்ளப்பட்டவைதான் அதிகம் கையில் சிக்கும்.

அதனால் என் சொல் "முயற்சி மறைப்பு". பொறுக்குவதில் குற்றமில்லை, எத்தனை முயன்றோம் என்பதை மறைப்பதில்தான் இருக்கிறது. திருத்தத்துக்கு "முயற்சி எண்ணித் திருத்தல்".

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
ஐயா, எண்ணிக்கையே தெரியாவிட்டால்? இருபது என்றேன், அதற்கு முன்னால் சில நாள் தரவை விலக்கிப் பார்த்தேன், ஷிப்டைச் சேர்த்தும் எடுத்தும் பார்த்தேன். எதையும் குறித்து வைக்கவில்லை.

பட்டர்வொர்த், ஓய்வு பெற்ற விரிவுரையாளர்:
அப்படியானால் எந்தத் திருத்தமும் உதவாது. புதிய தரவு வேண்டும். உங்கள் நான்கையும் முன்கூட்டியே எழுதி வைத்து, ஒவ்வொன்றையும் எந்த வடிவில் ஓட்டுவது என்பதையும் சேர்த்து எழுதி, அடுத்த மாதத் தரவில் அவற்றை மட்டும் ஓட்டுங்கள். அங்கே நான்கால் வகுத்தால் போதும், தம்பி சொன்ன 0.0125 அங்கேதான் சரி.

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர்:
"முயற்சி எண்ணித் திருத்தல்" எடுத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் "மறைப்பு" என்றால் வேண்டுமென்றே செய்தது போலிருக்கிறது. பொறியாளர் மறைக்கவில்லை, குறிக்காமல் விட்டார்.

செந்தூல் ஆசிரியை:
"முயற்சி விடுபாடு" என்று வைத்தால்? தெரிந்து விட்டாலும் தெரியாமல் விட்டாலும் பொருந்தும்.

பட்டர்வொர்த், ஓய்வு பெற்ற விரிவுரையாளர்:
டீச்சர், விடுபாடு மென்மையாக இருக்கிறது, தெரிந்தே செய்பவர்கள் அதற்குள் ஒளிந்துகொள்வார்கள். நான் மறைப்பையே சொல்வேன். தம்பி, இரண்டையும் போட்டு வையுங்கள், மற்றவர்களும் சொல்லட்டும்.