சிங்கப்பூர்ப் பள்ளிகளில் கண்ணாடிக்கு என்று தனி விண்ணப்பம் இல்லை: சம்பளச் சீட்டில் நாங்கள் செய்த தவறு

கவிதா_உட்லண்ட்ஸ்:
என் மகன் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். பள்ளியில் கண் பரிசோதித்துவிட்டு, பார்வை குறைவாக இருக்கிறது என்று ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார்கள். செகண்ட் ஹாஸ்பிட்டல் அவென்யூவில் இருக்கும் மாணவர் சுகாதார நிலையத்தில் பவர் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டுக்கு மேல். பேட்டைக் கடையில் கேட்டபோது 150 வெள்ளிக்கு மேல் சொன்னார்கள். அந்த மாதம் அது எங்களுக்குப் பெரிய தொகை.

வகுப்பாசிரியரிடம் சொன்னபோதுதான், கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடிக்கு வவுச்சர் உண்டு என்று தெரிந்தது. சுகாதார மேம்பாட்டு வாரியம் தருவது. நான் கண்ணாடிக்கு என்று ஒரு படிவத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்று கிடையாது. முதலில் நிதி உதவித் திட்டத்தில் சேர வேண்டும், அதுதான் வாசல்.

பள்ளி அலுவலகத்தில் படிவம் வாங்கி என் கணவரே நிரப்பினார். குடும்ப வருமானம் 4,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும் என்று படித்துவிட்டு, வங்கிக்கு வரும் 3,680 வெள்ளியை எழுதிவிட்டார். சம்பளச் சீட்டை இணைத்தோம். இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். சீட்டில் மொத்தச் சம்பளம் 4,600. அவ்வளவுதான், கிடைக்காது என்று நினைத்து அன்றிரவு பேசாமலே படுத்தோம்.

பிறகு அலுவலகத்தில் இருந்த அக்கா வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், எங்களுடனே இருக்கும் மாமியார். 4,600-ஐ ஐந்தால் வகுத்தால் 920. தலைக்கு 1,000 வெள்ளிக்குள் வந்துவிட்டது, ஒப்புதலும் கிடைத்தது. மகனுக்கு இப்போது கண்ணாடி வந்துவிட்டது. பலகை எழுத்தைப் பார்க்க முன்வரிசைக்குப் போக வேண்டியதில்லை என்கிறான். என்னைப் போல பாதியில் மனம் தளர்ந்தவர்கள் இருப்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

செல்வம்_ஈசூன்:
நல்ல தகவல். ஆனால் எனக்குத் தெரிந்து இரண்டு நிபந்தனையும் சேர்ந்தே பொருந்த வேண்டும். மொத்தம் 4,000-ஐயும் தாண்டக்கூடாது, தலைக்கு 1,000-ஐயும் தாண்டக்கூடாது. உங்களுக்கு எப்படியோ சலுகை காட்டியிருக்கிறார்கள். இன்னொன்று, சாஸ் நீல அட்டை இருந்தால் இவ்வளவு அலைச்சலே வேண்டாம், கண்ணாடிக் கடையிலேயே கழித்துக்கொள்வார்கள்.

மீனாட்சி_தோ பாயோ:
செல்வம் தம்பி, நான் பல வருடம் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும். கவிதாவுக்கு யாரும் சலுகை காட்டவில்லை, அது அவருக்கு உரியது. சாஸ் அட்டை மருந்தகத்துக்கும் பல் மருத்துவருக்கும் உள்ளது, கண்ணாடிக் கடையில் அதைக் காட்டிப் பயனில்லை. வருமான வரம்பும் 2026 ஜனவரியில்தான் உயர்ந்தது. முன்பு மொத்தம் 3,000, தலைக்கு 750. அப்போது இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்ட குடும்பங்கள் மறுபடி கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான் அதிகம் பார்த்த தவறு கவிதாவின் கணவர் செய்ததுதான். கையில் வாங்குவது வேறு, படிவம் கேட்பது வேறு. 55 வயதுக்குக் கீழே உள்ள ஊழியரின் பங்காக மத்திய சேமநிதிக்கு 20 விழுக்காடு பிடிக்கிறார்களே, அதற்கு முந்தைய தொகையைத்தான் எழுத வேண்டும். 4,600-இல் 20 விழுக்காடு 920, மீதி 3,680. (தலைக்கு வந்த எண்ணும் 920-ஆக இருப்பது தற்செயல், குழம்ப வேண்டாம்.) ஓவர்டைம் பணமும் அலவன்ஸும் மொத்தத்தில் சேரும்.

வருமான வரம்பை ஒட்டி இருக்கும் வீடுகளுக்கு இது முக்கியம். கவிதா பகுதி நேர வேலைக்குப் போய் மாதம் 500 வெள்ளி கொண்டுவந்தால் மொத்தம் 5,100. ஐந்தால் வகுத்தால் 1,020, வெளியே போய்விடும். பாட்டியை எண்ணாமல் விட்டாலும் அப்படித்தான். 4,600-ஐ நான்கால் வகுத்தால் 1,150. கூட வாழும் பாட்டியை எழுத மறந்து திரும்பிப் போன பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். உதவி ஒரு வருடத்துக்குத்தான். அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

ரஹீம்_பிடோக்:
எங்கள் வாப்பாவுக்கு 71 வயது. அவருக்கு இந்த வவுச்சர் கிடைக்குமா? மத்திய சேமநிதியில் மெடிசேவ் பணம் இருக்கிறது, அதில் கண்ணாடி வாங்கலாமா?

மீனாட்சி_தோ பாயோ:
ரஹீம், இது பள்ளிப் பிள்ளைகளுக்கானது. மெடிசேவில் கண்ணாடி வாங்க முடியாது.

ஜெயந்தி_அங் மோ கியோ:
ரஹீம் பாய், முதியவர்களுக்கு வழி வேறு. என் அம்மாவுக்கு 68. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கண், காது, வாய் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் பரிசோதனை உண்டு. 2018-இல் நாடு முழுக்கத் தொடங்கியது. எங்கள் சமூக மன்றத்தில் நடந்தபோது அழைத்துப் போனேன். கண்ணாடி வாங்கத்தான் போனோம், ஆனால் அங்கே கண்புரை இருக்கலாம் என்று சொல்லிப் பலதுறை மருந்தகத்துக்கு அனுப்பினார்கள்.

அதுவும் நல்லதாகப் போயிற்று. அம்மா ஆறு மாதத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றியிருந்தார், இரண்டும் சரிவரவில்லை. புரை இருக்கும்போது பவரை ஏற்றி என்ன பயன்? உள்ளே லென்ஸே மங்கியிருக்கிறதே. அறுவைக்குப் பிறகு பவர் முற்றிலும் மாறிவிட்டது. கண் ஆறிய பிறகு படிப்பதற்கு மட்டும் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அறுவைச் செலவுக்கு மெடிசேவ் பயன்பட்டது, கண்ணாடிக்குக் கையிலிருந்துதான் கொடுத்தோம். பார்வை மங்கலாகிக்கொண்டே போனால், அல்லது இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று வாப்பா சொன்னால், கடைக்குப் போகாமல் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். உதவிகள் பற்றிக் கேட்க ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 1800-650-6060 எண்ணுக்கு அழைக்கலாம். சாஸ் அட்டையையும் அடையாள அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ரஹீம்_பிடோக்:
விளக்கைச் சுற்றி வளையம் என்பதை அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நாங்கள் வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். நாளைக்கே அழைத்துப் போகிறேன்.

பிரியா_செங்காங்:
என் பிள்ளை சிங்கப்பூர் நிரந்தரவாசி. பள்ளியில் கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வருமானம் கவிதா வீட்டைவிடக் குறைவு.

மீனாட்சி_தோ பாயோ:
நிதி உதவித் திட்டம் குடிமக்களுக்கு மட்டுமே, அதனால் அவர்கள் சொன்னது சரி. ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். பள்ளி ஆலோசனைக் குழுவிடம் சொந்த நிதி இருக்கும், அதை எதற்குக் கொடுப்பது என்று பள்ளியே முடிவு செய்யும். வகுப்பாசிரியரிடம் பவர் எழுதிய தாளைக் காட்டி, அந்த நிதியைக் குறிப்பிட்டே கேளுங்கள். பொதுவாக உதவி வேண்டும் என்றால் வழக்கமான பதில்தான் வரும். அப்புறம் பீட்டி ரோட்டில் இருக்கும் சிண்டாவின் குடும்பச் சேவைப் பிரிவிலும் பேசிப் பாருங்கள்.

பிரியா_செங்காங்:
சரி அக்கா, திங்கட்கிழமை தாளோடு போகிறேன்.

செல்வம்_ஈசூன்:
நான் தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டில் ஆறு பேர், மொத்தம் 5,400. தலைக்கு 900 வருகிறது. இரண்டு வருடமாக நானே இல்லை என்று முடிவு செய்து விண்ணப்பிக்கவே இல்லை. என் மகளுக்கும் கண்ணாடி மாற்ற வேண்டும். ஒரு கேள்வி: பவர் ஏறாமல் தடுக்கும் லென்ஸ் இருக்கிறதாமே, வவுச்சரில் அதை வாங்க முடியுமா?

கவிதா_உட்லண்ட்ஸ்:
எங்களுக்குச் சாதாரண லென்ஸ்தான் கிடைத்தது. பிரேமும் கடைக்காரர் எடுத்து வைத்த தட்டில் இருந்தவற்றில் ஒன்று. அந்த லென்ஸைப் பற்றி நான் கேட்கவில்லை. எனக்கே ஒரு கவலை இருக்கிறது. மகன் கால்பந்து விளையாடுவான். இந்த வருடமே உடைத்துவிட்டால் இரண்டாவது ஜோடிக்கு வவுச்சர் கிடைத்த அனுபவம் யாருக்காவது உண்டா?