உதவி: கிரைண்டர் விளம்பரத்தில் எட்டு வசதியும் போட்டேன், ஆர்டர் இல்லை

பீளமேடு_பட்டறை: அவசரம்ங்க. எங்கள் கிரைண்டரில் சாய்க்கும் வசதி, ஸ்டீல் டிரம், மூன்று கல், தேங்காய்த் துருவி, மாவு பிசையும் தண்டு, டைமர், சத்தக் குறைவு, ஐந்து வருட வாரண்டி என்று எல்லாம் இருக்கிறது. ஒன்று விடாமல் விளம்பரத்தில் எழுதினேன். லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை. எதை மாற்றலாம்?

ஈரோடு_கடை: எதில் ஓடுகிறது? விலை, பட்ஜெட்?

தினமும்_இங்கே: பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். வேறு யாரிடமும் இல்லாத வசதி எதுவோ அதை மட்டும் சொல்லுங்கள், முடிந்தது.

பீளமேடு_பட்டறை: பேஸ்புக், 2 லிட்டர், 6,900 ரூபாய், நாளுக்கு 500. எங்களிடம் மட்டும் இருப்பது என்று ஒன்றும் இல்லை சார். பக்கத்துப் பட்டறையிலும் இதெல்லாம் உண்டு.

விளம்பர_எழுத்து: இல்லாவிட்டால் பரவாயில்லை. கடைசியாக வாங்கிய பத்துப் பேருக்குப் போன் போட்டு, "முன்பு எதில் அரைத்தீர்கள், ஏன் மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். எந்த வசதி பிடித்தது என்று கேட்டால் உங்கள் பட்டியலையே திருப்பிச் சொல்வார்கள்.

ஊறுகாய்_வீடு: நான் 14 வகை ஊறுகாய் விற்கிறேன். எனக்கும் ஒரே வகையைத்தான் காட்ட வேண்டுமா?

பீளமேடு_பட்டறை: ஏழு பேர் பேசினார்கள். நாலு பேர் சொன்னது ஒன்றுதான்: பழைய கிரைண்டரில் மாவு எடுக்க டிரம்மைத் தூக்க முடியவில்லை, இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

விளம்பர_எழுத்து: அதுதான் உங்கள் செய்தி. "மாவு எடுக்க டிரம்மைத் தூக்க வேண்டாம். சாய்த்தால் பாத்திரத்தில் விழும்." படத்திலும் மாவு சரிவது மட்டும் இருக்கட்டும். போனில் முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும், மீதி மடங்கிவிடும். வாரண்டி, ஸ்டீல், டைமர் எல்லாம் கிளிக் செய்தபின் வரும் பக்கத்துக்குப் போகட்டும். ஆனால் கழுவும்போது கல்லை எடுத்தாக வேண்டும். "எதையும் தூக்க வேண்டாம்" என்று எழுதிவிட்டால் வாங்கியவர் திட்டுவார்.

ஈரோடு_கடை: அப்போ எட்டு வசதிக்கு எட்டு விளம்பரம் போட்டால் போச்சு!

விளம்பர_எழுத்து: ஒரு விளம்பரத்துக்கு ஒரு செய்தி என்பது சரி. ஆனால் 500 ரூபாயை எட்டாகப் பிரித்தால் எதுவும் தெரியாது. எட்டையும் ஒரே ஆட் செட்டில் போட்டால் பேஸ்புக் சீக்கிரமே ஒன்றுக்கே பணத்தைத் தள்ளிவிடும். தூக்கும் தொல்லை ஒன்று, தேங்காய்த் துருவி ஒன்று என இரண்டை ஏ/பி டெஸ்டாக ஓட்டுங்கள். விலை, யாருக்குக் காட்டுகிறோம், பட்ஜெட் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டு மூன்று ஆர்டரை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

ஈரோடு_கடை: விலையைப் போடாதீர்கள். கேட்டு மெசேஜ் வந்தால்தான் பேசி விற்க முடியும்.

ஊறுகாய்_வீடு: விலை இல்லாத விளம்பரத்தை நான் தாண்டிப் போய்விடுவேன் அண்ணா.

ஈரோடு_கடை: பேசினால் வாங்குகிறார்கள்ங்க, என் கடையில் தினமும் பார்க்கிறேன்.

தினமும்_இங்கே: கேள்வி விலையைப் பற்றியது இல்லை.

பீளமேடு_பட்டறை: தூக்கும் தொல்லை விளம்பரம் நாலு நாளாக ஓடுகிறது. 2 ஆர்டர், 11 போன். பாதிப் பேர் கேட்பது "டிரம் எத்தனை கிலோ?" எடை போட்டு எழுதப் போகிறேன். நன்றிங்க.