கலைச்சொல் விவாதம்: ‘கோயிங் கன்சர்ன்’ ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

மீனாட்சி, மதுரை

அனைவருக்கும் வணக்கம். தணிக்கை வகுப்புக்காகத் தமிழில் ஒரு சிறு நிகழ்வுக் கேள்வி எழுதியிருக்கிறேன். சொல் ஒன்று இடிக்கிறது. முதலில் கேள்வியைப் பாருங்கள்.

ஒரு நூற்பாலை, தனியார் கம்பெனி. 31-03-2025 அன்று கணக்கு முடிகிறது. தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக ரொக்க நட்டம். 18 கோடி ரூபாய் வங்கிக் கடனை 2025 நவம்பரில் மொத்தமாகக் கட்ட வேண்டும். புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டதற்கு, ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதற்கு மேல் வங்கி எதுவும் சொல்லவில்லை. 45 நாள் கடனுக்குப் பஞ்சு கொடுத்துவந்த வியாபாரி, இப்போது பணம் வந்தால்தான் பேலை இறக்குகிறார். நிகர மதிப்பு இன்னும் 6 கோடி இருக்கிறது. நிர்வாகம் டிசம்பர் வரைக்கும் ஒரு ரொக்க வரவு-செலவு முன்கணிப்பு தந்திருக்கிறது. கணக்குக் குறிப்பில் இருப்பது ஒரே வரி: “கடன் புதுப்பிக்கப்படும் என நிர்வாகம் நம்புகிறது.”

அறிகுறிகள் எவை, தணிக்கையாளர் என்னென்ன செய்ய வேண்டும், அறிக்கையில் என்ன எழுத வேண்டும்? இவ்வளவுதான் கேள்வி.

நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்று கொள்ளும் கோயிங் கன்சர்ன் வரும் இடமெல்லாம் ‘நிறுவனத் தொடர்ச்சி’ என்று போட்டேன். வகுப்பில் கொடுத்துப் பார்த்தால், பாதிப் பேர் “தொடர்ச்சி சந்தேகத்துக்குரியது, ஆகவே அட்வர்ஸ் கருத்து” என்று, அதாவது கணக்கே உண்மை நிலையைக் காட்டவில்லை என்று முடித்துவிட்டார்கள். இது மாணவர்களின் தவறு மட்டும்தானா, சொல்லும் அவர்களைத் தள்ளிவிடுகிறதா?

சேகர், சேலம்

அம்மா, இதற்கு ஏன் புதுச் சொல்? ‘இயங்கும் தொழில்’ போதுமே. ஜி.எஸ்.டி.யில் தொழிலை இயங்கும் நிலையில் அப்படியே முழுசாகக் கைமாற்றினால் வரி விலக்கு உண்டு. 2017-ஆம் ஆண்டின் 12-ஆம் எண் அறிவிக்கையில் இருக்கிறது. போன மாதம்கூட ஒரு கட்சிக்காரருக்கு ஒப்பந்தத்தில் ‘இயங்கும் தொழிலாக’ என்றுதான் எழுதிக் கொடுத்தேன். உங்கள் ஆலையையும் அப்படி விற்றுவிட்டால் கடன் தீர்ந்துவிடும், வரியும் இல்லை.

சிவநேசன், யாழ்ப்பாணம்

வணக்கம். எங்கட பக்கம் உயர்தரக் கணக்கீட்டுப் பாடத்தில் ‘தொடர்ந்தியங்கும் எண்ணக்கரு’ என்றுதான் படிப்பிக்கிறோம். பிள்ளைகளுக்கு அது நன்றாக விளங்குகிறது. ஆனால் அது கணக்கு எழுதும்போது வைத்துக்கொள்ளும் எண்ணக்கரு. மீனாட்சி ரீச்சரின் கேள்வி கணக்காய்வாளர் பக்கத்தில் இருந்து வருகிறது. அங்கே ‘எண்ணக்கரு சந்தேகத்துக்குரியது’ என்று எழுதினால் பொருள் சரிவருமா என்பது எனக்கும் தெளிவில்லை.

கணேசன், திருச்சி

சொல் எதுவானாலும் விடை எளிது. அறிகுறி இருக்கிறது, குறிப்பிலும் ஒரு வரி இருக்கிறது. அறிக்கையில் எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர் பத்தி ஒன்று போட்டுக் குறிப்பைச் சுட்டிக்காட்டினால் முடிந்தது. நாங்கள் பல வருடம் அப்படித்தான் கையெழுத்துப் போட்டோம். நிகர மதிப்பு வேறு இன்னும் நேர்மறையாக இருக்கிறது. இதற்கு அட்வர்ஸ் எல்லாம் ரொம்ப அதிகம்.

வாசுகி, கோவை

சேகர், நீங்கள் சொல்லும் விலக்கு சரிதான். ஆனால் அது விற்கப்படும் பொருளின் நிலையைச் சொல்கிறது. இங்கே ஆலையை யாரும் விற்கவில்லை.

கணேசன் அண்ணா சொல்வது, கோயிங் கன்சர்ன் பற்றிய தணிக்கைத் தரமான பழைய எஸ்.ஏ. 570 இருந்தவரை சரி. திருத்திய எஸ்.ஏ. 570, 2017 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு வந்துவிட்டது. அதன்பின் இந்த விஷயத்துக்குத் தனித் தலைப்பிட்ட பத்தி வேண்டும், எம்ஃபசிஸ் பத்தி போதாது. அந்தத் தனிப் பத்திகூடக் குறிப்பு போதுமானதாக இருந்தால்தான். நிகர மதிப்பை வைத்தும் ஆறுதல் கொள்ள முடியாது. அந்த 6 கோடி கட்டடத்திலும் இயந்திரத்திலும் கிடக்கிறது, நவம்பரில் வங்கி கேட்பது பணம்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். மாணவர்கள் வழுக்கி விழுந்த இடத்தில் இரண்டு தனி விஷயங்கள் இருக்கின்றன. கம்பெனியால் தொடர்ந்து நடக்க முடியுமா என்பது ஒன்று. கணக்கை அந்த அடிப்படையில் எழுதியது சரியா என்பது இன்னொன்று. முதலாவது சந்தேகமாக இருந்தும் இரண்டாவது சரியாக இருக்கலாம். கம்பெனியைக் கலைக்கும் எண்ணமோ தொழிலை நிறுத்தும் எண்ணமோ நிர்வாகத்துக்கு இல்லை, அதைத் தவிர வேறு வழியே இல்லை என்ற கட்டாயமும் இல்லை என்றால் அடிப்படை சரிதான். அடிப்படையே பொருந்தாது என்றால்தான் நேராக அட்வர்ஸ்.

வோடஃபோன் ஐடியாவைப் பாருங்கள். 2019 அக்டோபரில், அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி பற்றி உச்ச நீதிமன்றத்தின் ஏ.ஜி.ஆர். தீர்ப்பு வந்தது. 2019-20 கணக்கின் தணிக்கை அறிக்கையில் இந்தத் தனிப் பத்தி இருந்தது. கம்பெனியோ அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சந்தேகம் திறன் மேல், கணக்கின் அடிப்படை மேல் அல்ல.

ஆகவே இரண்டு சொல் கேட்கிறேன். முடியுமா என்பதற்குத் ‘தொடர்திறன்’. கணக்குக்குச் சிவநேசன் ஐயா சொன்னதையே எடுத்துக்கொண்டு ‘தொடர்ந்தியங்கும் அடிப்படை’.

சிவநேசன், யாழ்ப்பாணம்

தொடர்திறன் நல்லாயிருக்கு. ஆனால் அந்த ஆலைக்குத் திறன் இருக்கா இல்லையா என்று கணக்காய்வாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கேள்வியில் அதுக்கு எண்ணே இல்லையே.

வாசுகி, கோவை

நியாயமான கேள்வி ஐயா. மீனாட்சி, கேள்வியில் இந்த எண்களைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ‘முன்கணிப்பை ஆராய வேண்டும்’ என்று எழுதிவிட்டு எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள்.

முதல் வேலை, நிர்வாகத்தின் மதிப்பீட்டை நீட்டச் சொல்வது. டிசம்பர் வரை போதாது. கணக்குத் தேதியிலிருந்து குறைந்தது 12 மாதம், அதாவது 31-03-2026 வரை வேண்டும். நீட்ட மறுத்தால் அதுவே அறிக்கையைப் பாதிக்கும்.

நீட்டித் தந்த முன்கணிப்பு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கையிருப்பு 1 கோடி, தொழிலிலிருந்து 9 கோடி, முதலாளி கொண்டுவருவது 2 கோடி. வரவு 12. வங்கி 10 கோடியைப் புதுப்பிக்கும், மீதி 8 கோடியைக் கட்டுகிறோம், வட்டி 2 கோடி. செலவு 10. கடைசியில் 2 கோடி மிச்சம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

அந்த 9 கோடி எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். ஸ்பிண்டில் 92 சதவீதம் ஓடும் என்று போட்டிருக்கிறார்கள். போன வருடம் ஓடியது 70. அறிக்கை ஆகஸ்டில் என்றால் ஏப்ரல் முதல் ஜூலை வரையான உற்பத்திப் பதிவேடும் மின்கட்டணமும் நம் கையில் இருக்கும். அவற்றைப் பார்த்தால் இப்போதும் 71-தான். பஞ்சு வியாபாரி கடன் கொடுக்காதபோது இயந்திரம் 92-க்கு ஏறுவது எப்படி? 70-ல் கணக்குப் போட்டால் தொழிலிலிருந்து வருவது 1 கோடி. வரவு 4, செலவு 10. வங்கி புதுப்பித்தாலும் 6 கோடி துண்டு விழுகிறது. புதுப்பிக்காவிட்டால் 16 கோடி.

முதலாளியின் 2 கோடிக்குக் கடிதம் இருக்கும். கடிதம் மட்டும் போதாது. அவருடைய வருமான வரிக் கணக்கு, வேறு கம்பெனிகளுக்கு அவர் கொடுத்திருக்கும் சொந்த உத்தரவாதங்கள், இதுவரை உண்மையில் எவ்வளவு பணம் போட்டார், இதெல்லாம் பார்க்க வேண்டும். வங்கிக்கு நேரடியாகவே எழுதிக் கேட்கலாம். இயக்குநர் கூட்டக் குறிப்பேட்டில் வங்கிப் பேச்சு என்ன நிலையில் பதிவாகியிருக்கிறது என்று படிப்பதும் உதவும். சில நேரம் ‘பரிசீலனை’ என்று நம்மிடம் சொன்னது அங்கே ‘மறுப்பு’ என்று இருக்கும். கடைசியாக, திட்டங்களைப் பற்றியும் அவை நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதைப் பற்றியும் நிர்வாகத்திடம் எழுத்துமூல உறுதி.

கணேசன், திருச்சி

சரி, எம்ஃபசிஸ் பத்தியை விட்டுவிடுகிறேன். தனிப் பத்தியே போடுவோம். அப்போதும் கருத்தில் மாற்றமில்லாத அறிக்கைதானே?

வாசுகி, கோவை

குறிப்பைப் பொறுத்தது அண்ணா. இந்த ஒரு வரிக் குறிப்பில் நட்டமும் இல்லை, நவம்பர் தேதியும் இல்லை, நிர்வாகத்தின் திட்டமும் இல்லை. சொத்துகளைப் பணமாக்கவும் பொறுப்புகளை வழக்கம்போல் தீர்க்கவும் முடியாமல் போகலாம் என்ற கணிசமான நிச்சயமின்மை இருப்பதை அது சொல்லவும் இல்லை. இவை நான்கையும் வெளிப்படையாக எழுதினால் நீங்கள் சொல்வதுபோல் கருத்தில் மாற்றம் வேண்டாம், தனிப் பத்தி போதும். எழுத மாட்டேன் என்றால் தனிப் பத்தி போட்டுத் தப்பிக்க முடியாது. இது தவிர மற்றவை சரி என்னும் குவாலிஃபைட் அல்லது அட்வர்ஸ், காரணமும் எழுத வேண்டும்.

அதோடு, தணிக்கை அறிக்கையில் எவற்றைச் சொல்ல வேண்டும் என்று அரசு போட்ட ஆணையான காரோ 2020-இல் 19-ஆம் உட்பிரிவு, கணக்குத் தேதியில் உள்ள பொறுப்புகளை ஓராண்டுக்குள் கெடுவரும்போது தீர்க்க முடியுமா என்று கேட்கிறது. இந்த ஆலைக்கு அங்கே ‘நிச்சயமின்மை இல்லை’ என்று எழுதிவிட்டு, இங்கே இருக்கிறது என்றால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ரொக்க நட்டத்துக்கு 17-ஆம் உட்பிரிவு தனியாக இருக்கிறது. அதில் இரண்டு ஆண்டுத் தொகையும் வரும்.

ராஜா, மதுரை

வணக்கம் மேடம். நான் மீனாட்சி மேடத்தின் மாணவன், அட்வர்ஸ் எழுதியவர்களில் ஒருத்தன். குறிப்பு போதவில்லை என்றாலும் அட்வர்ஸ் வரலாம் என்கிறீர்களே, அப்போது என் விடை சரிதானே? மதிப்பெண் கிடைக்குமா?

மீனாட்சி, மதுரை

ராஜா, முடிவு ஒத்துப்போகலாம், நீ எழுதிய காரணம் ஒத்துப்போகவில்லை. தொடர்ச்சி சந்தேகம் என்பதால் அட்வர்ஸ் என்று எழுதினாய். வாசுகி சொல்வது, மறைத்தது எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தது. பாதி மதிப்பெண்தான்.

அப்புறம், இந்த ஆலைக்கு நான் குவாலிஃபைட் பக்கம்தான் சாய்கிறேன். ஒரு வரியாவது கடனைத் தொட்டிருக்கிறது.

வாசுகி, கோவை

நான் அட்வர்ஸ் பக்கம். அந்த ஒரு வரி கடனைத் தொட்டாலும் ‘நம்புகிறது’ என்று படிப்பவரை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. 16 கோடித் துண்டு கணக்கு முழுவதையும் பாதிக்கும். இரண்டுக்கும் நியாயம் உண்டு. காரணத்தை எழுதியவருக்கு மதிப்பெண் கொடுங்கள்.

சிவநேசன், யாழ்ப்பாணம்

‘கணிசமான நிச்சயமின்மை’ என்பதில்தான் எனக்குத் தயக்கம். கணிசம் என்றால் பிள்ளைகள் தொகையின் அளவை மட்டும் பார்ப்பார்கள். இங்கே அளவோடு, நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதும் சேர்ந்து வருகிறது. ‘பாரதூரமான’ என்று இங்கே புழக்கத்தில் ஒரு சொல் உண்டு, உங்களுக்கு அது அந்நியமாகப் படலாம்.

மீனாட்சி, மதுரை

பாரதூரம் இங்கே யாருக்கும் புரியாது ஐயா. கேள்வியை இப்படி மாற்றிவிட்டேன்: “நிறுவனத்தின் தொடர்திறன்மீது ஐயம் எழுப்பும் அறிகுறிகள் எவை? தணிக்கையாளர் செய்ய வேண்டியவை யாவை? தொடர்ந்தியங்கும் அடிப்படை பொருத்தமானது எனக் கொண்டு, குறிப்பு இப்போதுள்ளபடியே இருந்தால் அறிக்கை எப்படி அமையும், ____ நிச்சயமின்மை விரிவாக எழுதப்பட்டால் எப்படி அமையும்?” நிச்சயமின்மைக்கு முன்னால் வரும் அடைமொழியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது, அதற்குள் யாராவது சொல்லுங்கள்.