அனந்தபூர் வறள் மண்டலமா, அரை வறள் மண்டலமா? கணக்குக்குக் கணக்கு விடை மாறுகிறது, உதவி தேவை

கயல்_நீர்வடி

வணக்கம். ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்துக்கு (2022-ல் பிரிப்பதற்கு முன்பிருந்த எல்லை) ஒரு நீர்வடிப்பகுதி அறிக்கை தயாரிக்கிறோம். முதல் அத்தியாயத்தில் "இந்த மாவட்டம் எந்த மண்டலம்" என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். அதிலேயே சிக்கிக்கொண்டேன்.

சி.ஜி.ஐ.ஏ.ஆர். தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் உலக வறள்மைக் குறியீட்டு ராஸ்டர், மூன்றாம் பதிப்பை இறக்கி, 0.05, 0.20, 0.50, 0.65 என்று வகை பிரித்தேன். மாவட்டம் முழுக்க ஒரே நீலம், அதாவது ஈர மண்டலம். எந்த பிக்சலைத் தொட்டாலும் மூவாயிரத்தை ஒட்டி ஏதோ ஒரு எண் வருகிறது.

சரி, கையாலேயே போடுவோம் என்று பார்த்தால் மாவட்டச் சராசரி மழை 553 மி.மீ. எங்களுக்குக் கிடைத்த பான் ஆவியாதல் அளவு ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மி.மீ. வகுத்தால் 0.23, அரை வறள். ஆனால் அரசு ஆவணங்களில் அனந்தபூர் வறள் மண்டலம். பாலைவன மேம்பாட்டுத் திட்டத்திலும் இந்த மாவட்டம் இருந்திருக்கிறது. கூட வேலை செய்பவர் வெப்பநிலையை மட்டும் வைத்து தார்ன்த்வெயிட் முறையில் ஆவியாதலைக் கணக்கிட்டு 1,650 என்கிறார். எதை எடுப்பது?

மேப்_மாணிக்கம்

நீலப் பிரச்சினை ரொம்பச் சின்னது. கோப்பின் அளவு குறைய வேண்டும் என்று தசம எண்ணை 10,000-ஆல் பெருக்கி முழு எண்ணாகச் சேமித்திருக்கிறார்கள். கூடவே வரும் ரீட்மீ கோப்பில் இது இருக்கும். கியூஜிஐஎஸ் ராஸ்டர் கால்குலேட்டரில் இப்படிப் போடுங்கள், லேயர் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்:

```
"ai_v3_yr@1" / 10000.0
```

மூவாயிரம் 0.30 ஆகிவிடும். அதே தொகுப்பில் உள்ள ஆவியூட்டு ராஸ்டரை வகுக்காதீர்கள். அது நேரடியாக மி.மீ.-ல்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே சூத்திரத்தில் வகுத்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

செம்மண்_காடு

இவ்வளவு குழப்பம் எதற்கு? 500 மி.மீ.க்குக் கீழே பெய்தால் வறள், 500 முதல் 750 வரை அரை வறள். மழைக்கோட்டை வரைந்தால் வேலை முடிந்தது. 553 என்றால் அரை வறள்தான். நான் படித்த காலத்தில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஓய்வுபெற்ற_வேளாண்வானிலை

கயல் அம்மா, முதலில் செம்மண்_காடு தம்பி சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். அது முழுக்கத் தவறில்லை. வெப்பமும் காற்றும் பெரிதாக மாறாத ஒரு பகுதிக்குள், உதாரணமாக ராஜஸ்தானின் மேற்கிலிருந்து கிழக்காகப் போகும்போது, மழைக்கோடும் வறள்மைக் கோடும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஓடும். வேறு இடத்துக்கு அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு போனால்தான் வம்பு. லண்டனில் ஆண்டு மழை ஏறக்குறைய 600 மி.மீ.தான். அதை அரை வறள் என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அங்கே வானம் திரும்ப இழுத்துக்கொள்ளும் நீரும் ஏறக்குறைய அவ்வளவுதான். பெய்வதைப் பார்த்தால் போதாது, இழுக்கப்படுவதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வி. உங்களிடம் இரண்டு சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, எந்த எல்லை எண். இன்னொன்று, எந்த ஆவியாதல்.

நீங்கள் ராஸ்டரில் போட்ட 0.20, 0.50 ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் பயன்படுத்தும் எல்லைகள். நம் நாட்டில் மண்டலம் பிரித்தவர்கள் எடுத்துக்கொண்டது தார்ன்த்வெயிட், மாதர் இருவரும் 1955-ல் திருத்திய ஈரக் குறியீடு:

```
Im = 100 × (P / PET − 1)
```

P என்பது ஆண்டு மழை, PET என்பது ஆண்டு ஆவியூட்டு, அதாவது வானம் இழுக்கக்கூடிய நீர். இதில் −66.7-க்குக் கீழே போனால் வறள். −66.7 முதல் −33.3 வரை அரை வறள். இதையே விகிதமாக மாற்றினால் வறள் எல்லை 0.333. ஐ.நா. அளவுகோலில் அதே எல்லை 0.20. அதாவது நம் அளவுகோலில் "வறள்" என்ற வட்டம் பெரியது.

அனந்தபூரில் வைத்துப் பார்ப்போம். பென்மன்–மான்டீத் முறையில் ஆண்டு ஆவியூட்டு சுமார் 1,850 மி.மீ. என்று வையுங்கள், உங்கள் ராஸ்டரின் 0.30-ம் அதை ஒட்டித்தான் வருகிறது. 553-ஐ 1,850-ஆல் வகுத்தால் 0.30, ஈரக் குறியீடு −70. நம் கணக்கில் வறள், ஐ.நா. கணக்கில் அரை வறள். இரண்டும் சரி. இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் திருப்பிப் போடுங்கள். இதே ஆவியூட்டுக்கு நம் வறள் எல்லை 616 மி.மீ. மழையில் விழும், ஐ.நா. எல்லை 370-ல் விழும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர்கள் எல்லாவற்றுக்கும் உங்கள் குழப்பம் உண்டு.

செம்மண்_காடு

ஐயா, என்னிடம் உள்ள பழைய பாடப்புத்தகத்தில் வறள் எல்லை −40 என்று இருக்கிறது. −66.7 எங்கிருந்து வந்தது?

ஓய்வுபெற்ற_வேளாண்வானிலை

அது 1948-ன் சூத்திரம். அதில் உபரி நீருக்கு 100 எடை, பற்றாக்குறைக்கு 60 எடைதான். உபரியே இல்லாத ஊரில், தேவையில் மூன்றில் இரண்டு பங்கு பற்றாக்குறை என்றால் பழைய சூத்திரம் −40 தரும், புதியது −66.7 தரும். எல்லை ஒன்றேதான். புதிய சூத்திரத்தில் கணக்குப் போட்டுவிட்டுப் பழைய −40-ஐ எல்லையாக வைத்தால்தான் ஆபத்து. பாதி நாடு வறள் மண்டலமாகிவிடும். மேப்பில் வறள் பரப்பு நம்ப முடியாத அளவுக்கு விரிந்திருந்தால் முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

வன்னி_வயல்

இஞ்ச எங்கட கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் எல்லாத்தையும் உலர் வலயம் எண்டுதான் பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள். மழை 1,000 மி.மீ.க்கு மேல பெய்யுது. அப்ப நாங்களும் வறள் மண்டலமோ? இந்தச் சூத்திரத்தில போட்டா வேற மாதிரி வருது.

ஓய்வுபெற்ற_வேளாண்வானிலை

இல்லை தம்பி. உங்கள் உலர் வலயம் ஆண்டு மழை 1,750 மி.மீ.க்குக் குறைவு என்ற கணக்கில் பிரித்தது. ஈர வலயத்தோடு ஒப்பிட்டுத்தான் அது உலர். இந்தக் குறியீடுகளோடு அதற்கு நேர் தொடர்பு இல்லை. மன்னார், அம்பாந்தோட்டைக் கரையோரம்தான் அரை வறள் என்ற பேச்சுக்கு வரும்.

கயல்_நீர்வடி

ஐயா, எல்லை எண் புரிந்தது, மிக்க நன்றி. ஆவியாதல்தான் இன்னும் உறுத்துகிறது. 2,400, 1,850, 1,650 என்று மூன்று எண். இவ்வளவு வித்தியாசம் எப்படி?

ஓய்வுபெற்ற_வேளாண்வானிலை

மூன்றும் ஒரே பொருளை அளக்கவில்லை. பான் என்பது காய்ந்த தரைக்கு நடுவே மரச்சட்டத்தின் மேல் வைத்த ஒரு தகரத் தொட்டி. பக்கச் சுவரிலும் வெயில் படும், சுற்றிலும் இருந்து சூடான உலர் காற்று வரும். புல் போர்த்திய பெரிய வயலை விட அது எப்போதும் அதிகமாகத்தான் இழக்கும். அதனால் பான் எண்ணை நேராக வகுக்கக் கூடாது, ஒரு குணகத்தால் பெருக்க வேண்டும். வழக்கமாக 0.7, 0.8 என்பார்கள். 0.75 என்றால் உங்கள் 2,400, 1,800 ஆகிறது, பென்மனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

தார்ன்த்வெயிட் முறைக்கு வெப்பநிலையும் பகல் நீளமும் போதும். காற்று, ஈரப்பதம் இரண்டையும் அது கேட்பதே இல்லை. ராமகிரிப் பக்கம் ஆடிக் காற்றில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் விளைவு தெரியும். சும்மா அங்கே காற்றாலை வைக்கவில்லை. தென்மேற்குப் பருவத்தில் மலைத்தொடரைத் தாண்டி வரும் அந்தக் காற்று மழையைக் கொண்டுவருவதை விட மண்ணைக் காயவைப்பதுதான் அதிகம். அது உங்கள் நண்பரின் 1,650-ல் இல்லை.

இதனால் என்ன ஆகும் என்று பாருங்கள். 553-ஐ 1,650-ஆல் வகுத்தால் 0.335, ஈரக் குறியீடு −66.5. நம் அளவுகோலிலேயே மாவட்டம் வறளிலிருந்து அரை வறளுக்குத் தாவிவிட்டது! ஒரு துளி மழை கூடவில்லை, சூத்திரம் மட்டும்தான் மாறியது. எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு எந்த முறையில் ஆவியாதல் எடுத்தோம் என்று எழுதாமல் மண்டலப் பெயர் எழுதுவது எனக்கு ஏற்புடையதல்ல.

ஒரு கேள்வி. உங்கள் பானுக்கு மேல் கம்பி வலை உண்டா?

கயல்_நீர்வடி

வலை இருக்கிறது, காக்கை குடிக்காமல் இருக்க. சுற்றி உழவுநிலம். மேற்கே கொஞ்சம் தள்ளி ஒரு வேப்பமரம்.

ஓய்வுபெற்ற_வேளாண்வானிலை

வலை அளவை 10 சதவீதம் வரை குறைத்துக் காட்டும். அதை ஈடுகட்டினால் 1,980 வரை போகும், குறியீடு −72. வேப்பமரம் மாலை வெயிலை மறைத்தால் அதுவும் குறைக்கும். மறுபுறம், சுற்றிலும் காய்ந்த உழவுநிலம், பலத்த காற்று என்றால் குணகமே 0.75-ஐ விடக் கீழே இறங்க வேண்டும். இவை ஒன்றையொன்று எவ்வளவு சமன் செய்கின்றன என்று இங்கிருந்து சொல்ல முடியாது. எப்படிப் பார்த்தாலும் பானிலிருந்து உங்களுக்கு ஒரு வீச்சுதான் கிடைக்கும்.

மேப்_மாணிக்கம்

இன்னொன்று கயல். அந்த ராஸ்டர் 1970–2000 சராசரி. உங்கள் மழைத் தரவு எந்த வருடங்கள்? இரண்டையும் கலந்தால் மேப்பும் அட்டவணையும் பொருந்தாது. நானாக இருந்தால் கோடு போட மாட்டேன். −64 முதல் −70 வரை ஒரு பட்டையாக வண்ணம் தீட்டி "மாறுநிலை" என்று விட்டுவிடுவேன்.

ஓய்வுபெற்ற_வேளாண்வானிலை

பட்டை போடுவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை மாணிக்கம். எந்த மண்டலமோ அதற்கேற்பத்தான் திட்ட நிதி என்று வந்தால் அதிகாரிக்கு ஒரு கோடு வேண்டும். பட்டையில் விழும் ஊர்களை அவரவர் வசதிக்கு ஒதுக்குவார்கள்.

மேப்_மாணிக்கம்

ஐயா, 1,650-க்கும் 1,850-க்கும் இடையில் மாவட்டமே தாவுகிறது என்று நீங்கள்தானே காட்டினீர்கள்? அப்படியிருக்க ஒற்றைக் கோட்டை எந்தத் துணிவில் போடுவது?

கயல்_நீர்வடி

மழை 1991–2020 தரவு. அதனால் அதே வருடங்களுக்குப் பென்மன்–மான்டீத் ஆவியூட்டைப் புதிதாகக் கணக்கிடப் போகிறேன். அறிக்கையில் "ஈரக் குறியீட்டின்படி வறள், ஐ.நா. குறியீட்டின்படி அரை வறள்" என்று இரண்டையும் முறையோடு எழுதுகிறேன். கோடா பட்டையா என்பதை எண்கள் வந்த பிறகு இங்கேயே போட்டுக் கேட்கிறேன். காற்றின் வேகம் பல மாதங்களுக்கு விடுபட்டிருக்கிறது. அங்கே எஃப்.ஏ.ஓ. பரிந்துரைக்கும் விநாடிக்கு 2 மீட்டர் என்ற பொது அளவைப் போடலாமா?

ஓய்வுபெற்ற_வேளாண்வானிலை

தை, மாசிக்குப் போடலாம். ஆனி, ஆடிக்குப் போடாதீர்கள். அந்த மாதங்களில் அந்த ஊரில் 2 மீட்டர் என்பது மிகக் குறைவு, காற்றைக் கணக்கில் எடுத்ததன் பயனே போய்விடும். பக்கத்து நிலையத்தின் அதே மாத அளவை வாங்கி நிரப்புங்கள். காற்றாலைக்காரர்கள் தரும் அளவு வேண்டுமென்றால், அது எத்தனை மீட்டர் உயரத்தில் எடுத்தது என்று கேட்டு 2 மீட்டர் உயரத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.