புதுப்பிப்பு: சீனத் திரை ஃபோனில் அம்மாவின் வாட்ஸ்அப்

முன்பு கேட்டது: "அம்மாவின் புது ஃபோனில் எல்லாம் சீனம். வாட்ஸ்அப்பில் பழைய பேச்சு, படம் ஒன்றும் இல்லை. எப்படி எடுப்பது?"

சுங்கை சிப்புட்டிலிருந்து புதுப்பிப்பு: பேச்சு வந்துவிட்டது. எண்ணைச் சரிபார்த்ததும் வரும் திரையில் 恢复 என்றால் மீட்பு, 跳过 என்றால் தாண்டிப் போ. இரண்டாவதை அமுக்கியிருந்தோம், அவ்வளவுதான். அந்தத் திரை தானாக மறுபடி வராது.

"கூகுள் கணக்கு போட்டாலே வந்துடும்" என்றார் கடைக்கார அண்ணன். பாதி சரி. காப்புநகல் போன அதே ஜிமெயில், அதே எண், இரண்டும் வேண்டும். கணக்கைச் சேர்த்துவிட்டு, வாட்ஸ்அப்பை நீக்கி மறுபடி போட்டதும் 恢复 வந்தது. அதற்குமுன் புது ஃபோனில் காப்புநகல் எடுத்துவிடாதீர்கள். வெற்று நகல் பழையதை அழித்துவிடும்.

பழைய ஐஃபோனிலிருந்து எடுக்க முடியுமா என்று கேட்ட அக்காவுக்கு: ஐகிளவுட் நகல் ஆண்ட்ராய்டில் ஏறாது, உங்கள் வழி வேறு.

எழுத்து முதலில் வரும், படங்கள் பின்னணியில் மெல்ல இறங்கும்; வைஃபையை அணைக்காதீர்கள். வீடியோ மட்டும் வரவில்லை. பழைய ஃபோனில் வீடியோவைச் சேர்க்கும் தெரிவு அணைந்திருந்தது. அதிலுள்ள `Android/media/com.whatsapp/WhatsApp/Media` கோப்புறையைப் புது ஃபோனில் அதே இடத்துக்கு நகலெடுக்கிறோம். பேச்சுக்குள்ளேயே திறக்குமா, கேலரியில் மட்டும் தெரியுமா, இனிதான் பார்க்கணும்.