புதுப்பிப்பு: டியூப் லைட் வெளிச்சத்தில் ஓடும் கறுப்புப் பட்டை

முதலில் கேட்டது: "ஹாலில் போனில் வீடியோ எடுத்தால் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஓடுகின்றன, என்ன செய்வது?"

சரி, பெரும்பாலும் தீர்ந்தது. நொடிக்கு 25 ஃபிரேம் வைத்தாலே போதும் என்று ஒருவர் சொன்னார். வைத்தேன், பட்டை ஓடுவது நின்றது, ஆனால் போகாமல் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது, ஏனென்றால் ஷட்டர் ஆட்டோவில் 1/240க்குப் போயிருந்தது. ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் சொன்னதுதான் சரி: நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரியும், அதனால் ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் பூட்டிவிட்டு, வெளிச்சம் அதிகமானால் ஐஎஸ்ஓவைக் குறைக்க வேண்டும். டியூப் லைட்டில் சுத்தமாகப் போய்விட்டது.

டிம்மர் போட்ட எல்இடி ஸ்ட்ரிப் விளக்குக்கு மட்டும் இது பலிக்கவில்லை, அது கரண்டின் வேகத்தில் துடிப்பதில்லை. டிம்மரை முழுசாக ஏற்றியதும் அடங்கியது.

டிவி திரையைப் படம்பிடித்தால் பட்டை வருகிறது என்று கேட்ட அக்காவுக்கு: டிவி பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ், 1/60 வைத்துப் பாருங்கள், டியூப் லைட்டை அணைத்துவிட்டு. இரண்டும் ஒரே ஷாட்டில் வேண்டுமென்றால் எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.